எல்.இ.டி. ஹெட்லைட் எச்சரிக்கை: முழு செட்டை வாங்கும் முன் கேட்கப்படும் கேள்விகள்

மீட்டர்ல “Check Left Low Beam”னு வருதுங்க. பல்பு தனியா கெடைக்காது, ஹெட்லைட் செட்டையே மாத்தோணும்னு ஷோரூம்ல சொல்றாங்க. நெசமாங்க?

பாதி நிஜம். பல்பு தனியாகக் கிடைக்காது என்பது சரி. பழைய ஹாலஜன் விளக்கில் பின்மூடியைத் திருகிப் பல்பைக் கழற்றியது போல இதில் கழற்ற ஒன்றும் இல்லை. எல்.இ.டி. சில்லுகள் அலுமினியத் தகட்டில் பற்றவைக்கப்பட்டு, அந்தத் தகடு வெப்பம் கடத்தும் உலோகத்தோடு சேர்ந்து, எல்லாமே ஒட்டி மூடிய கூட்டுக்குள் இருக்கும்.

செட்டையே மாற்றியாக வேண்டும் என்பதுதான் எப்போதும் நிஜமல்ல. அந்தக் கூட்டோடு சேர்ந்தவை மூன்று: உள்ளே இருக்கும் சில்லுத் தகடு, அதற்கு அளவாகக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் பெட்டி, வண்டியின் ஒயரிங் வந்து சேரும் கப்ளர். பல கார்களில் டிரைவர் பெட்டி கூட்டுக்கு வெளியே, அடிப்பக்கத்தில் மூன்று நான்கு திருகாணிகளில் நிற்கும். கப்ளர் எல்லா வண்டியிலும் வெளியேதான். எங்கள் பட்டறைக்கு வருகிற வண்டிகளில் முதலில் இந்த இரண்டையும்தான் பார்ப்போம். கூட்டைத் தொடுவது கடைசியில்.

ஷோரூம்காரர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுடைய பாகப் பட்டியலில் முழு செட்டுக்கு மட்டும் எண் இருந்தால் அவர்களால் அதை மட்டுமே விற்க முடியும். சாதாரணக் காரிலேயே எல்.இ.டி. செட் பல்லாயிரம் ரூபாய் ஆகும், சொகுசுக் காரில் லட்சத்தைத் தாண்டும். அதனால் ‘எது போச்சு’ என்று தெரிந்த பிறகு பணத்தை எடுங்கள். வாரண்டி இன்னும் இருந்தால் மட்டும் எதையும் கழற்றாமல் நேராக ஷோரூமுக்கே போய்விடுங்கள்.

விளக்கு நல்லாத்தான் எரியுதுங்க. ரெண்டு பக்கமும் ஒரே வெளிச்சம். அப்புறம் எதுக்கு இந்த மெசேஜ்?

ஹாலஜன் வண்டியில், விளக்குகளைக் கட்டுப்படுத்தும் பாடி கன்ட்ரோல் பெட்டி கரண்ட்டை மட்டும் அளக்கும். 55 வாட் பல்பு எரிந்தால் சுமார் நாலரை ஆம்பியர் ஓடும். ஓடவில்லை என்றால் பல்பு போச்சு என்று எழுதிவிடும். அந்த வண்டிகளில் கடையில் வாங்கிய எல்.இ.டி. பல்பைப் போட்டால் மெசேஜ் வருவதற்கும் காரணம் இதுதான். கரண்ட் குறைவாக ஓடுவதால் பல்பே இல்லை என்று வண்டி நினைத்துக்கொள்கிறது.

கம்பெனியே எல்.இ.டி. போட்டுத் தரும் வண்டியில் கணக்கு வேறு. டிரைவர் பெட்டி தன் சில்லு வரிசையைத் தானே கண்காணித்து, நிலவரத்தை மெல்லிய தகவல் ஒயர் வழியாக வண்டிக்குச் சொல்லும். ஒரு வெள்ளைச் சில்லுக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். ஆறு சில்லு வரிசையாக இருந்தால் மொத்தம் 18 வோல்ட். அதில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் மற்ற ஐந்தும் எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் வோல்ட் 15-க்கு இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த 3 வோல்ட்டை டிரைவர் பெட்டி பார்த்துவிடும். அதே சில்லு ஷார்ட் ஆகாமல் அறுந்துபோனால் வரிசை முழுவதும் அணையும். அப்போது உங்களுக்கே தெரியும்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. சில கூடுகளுக்குள் சின்ன விசிறி இருக்கும், வெளிச்சத்தை மேலும் கீழும் நகர்த்தும் மோட்டாரும் இருக்கும். இவை நின்றாலும் சில வண்டிகள் பொதுவாக ‘ஹெட்லைட் கோளாறு’ என்றே காட்டும். எனவே மெசேஜை வைத்து மட்டும் முடிவுக்கு வரக் கூடாது. ஸ்கேனர் போட்டு, எந்தப் பெட்டி என்ன குறை சொல்கிறது என்று படிக்க வேண்டும். ஸ்கேனர் காட்டும் குறை எண் U என்ற எழுத்தில் ஆரம்பித்தால் அது தகவல் தொடர்புக் குறை. அப்போது சில்லைப் பற்றிக் கவலைப்படும் முன்பு ஒயரையும் கப்ளரையும் பாருங்கள்.

சரிங்க, மொதல்ல எதைப் பாக்கோணும்?

பேட்டரியை. சிரிக்காதீர்கள். வயதான பேட்டரியோடு காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது வோல்ட் சட்டென்று 9-க்கும் கீழே இறங்கினால் டிரைவர் பெட்டி தடுமாறி ஒரு குறையை எழுதிவைக்கும். ஹெட்லைட் மெசேஜோடு ஏ.பி.எஸ்., ஸ்டியரிங் என்று வேறு விளக்குகளும் எரிந்து, சற்று நேரத்தில் எல்லாம் அணைந்தால் சந்தேகம் முதலில் பேட்டரி மேல் விழ வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.4 வோல்ட்டுக்கு மேலே இருக்க வேண்டும், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை.

அடுத்தது கப்ளர். வாட்டர் வாஷ் கொடுத்த மறுநாளே மெசேஜ் வந்ததா என்று நினைத்துப் பாருங்கள். பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அழுத்தமாகத் தண்ணீர் அடிக்கும் பழக்கம் நம்ம பக்கத்தில் அதிகம். கப்ளரைக் கழற்றினால் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா, ரப்பர் சீல் மடிந்திருக்கிறதா என்று தெரியும். லேசான பச்சை என்றால் எலக்ட்ரிக்கல் காண்டாக்ட் கிளீனர் அடித்து, நைலான் தூரிகையால் தேய்த்து, காயவைத்து மாட்டினால் போதும். உப்புத்தாளை உள்ளே விட்டுத் தேய்த்தால் பின்னின் மேல்பூச்சு போய், அடுத்த மழைக்கே மறுபடி பச்சை பிடிக்கும். பின் தேய்ந்து மெலிந்திருந்தால் அந்தப் பின்னையோ கப்ளரையோதான் மாற்ற வேண்டும்.

பிறகு எலி. பொள்ளாச்சி, உடுமலை, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் நிற்கும் வண்டிகளில் இதைக் கேட்காமல் நாங்கள் வேலையைத் தொடங்குவதில்லை. பம்பருக்குப் பின்னால் ஹெட்லைட்டுக்குப் போகும் ஒயர்க் கட்டில் ஒரே ஒரு ஒயரின் தோலை மட்டும் கடித்திருக்கும். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது, மழையில் மட்டும் மெசேஜ் வரும்.

ஒயர்மேன் மல்டிமீட்டர் வெச்சுப் பாத்தாருங்க. கப்ளர்ல 12 வோல்ட் வருது. அப்போ ஹெட்லைட்தானே போயிருக்கோணும்?

அப்படிச் சொல்லிவிட முடியாது. நிறைய செட்டுகள் வீணாக மாற்றப்படுவது இந்த இடத்தில்தான்.

மல்டிமீட்டர் கரண்ட்டே இழுக்காது. உள்ளே இருக்கும் செம்பு நூல்களில் ஒன்றிரண்டு தவிர எல்லாம் அரித்துப் போயிருந்தாலும் அது 12 வோல்ட் என்றே காட்டும். விளக்கு எரியத் தொடங்கும்போதுதான் அந்த நூல் தாங்காமல் வோல்ட் விழும். அதனால் சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும். பிரேக் லைட்டுக்குப் போடும் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் பற்றவைத்துக்கொள்ளுங்கள். டிம் போட்டு, கப்ளரின் சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே அந்தப் பல்பைக் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். எரியும்போதே கப்ளரில் எத்தனை வோல்ட், பேட்டரியில் எத்தனை வோல்ட் என்று இரண்டையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் நடுவில் எங்கோ ஒயரோ ஃபியூஸ் காலோ எர்த்தோ கெட்டிருக்கிறது.

எர்த்தைத் தனியாகவும் பார்க்கலாம். பல்பு எரியும்போதே மீட்டரின் ஒரு முனையை எர்த் பின்னிலும் மறுமுனையைப் பேட்டரி மைனஸிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்க வேண்டும். டிங்கரிங் முடிந்து பெயின்ட் அடித்த வண்டிகளில் எர்த் போல்ட்டுக்கு அடியிலும் பெயின்ட் இருப்பது சகஜம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வண்டியின் ஒயரிங் படத்தைப் பார்க்காமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். கப்ளரில் உள்ள மெல்லிய ஒயர்கள் தகவலுக்கானவை. அவற்றில் பல்பைக் கொடுத்தால் சின்னக் குறை பெரிய குறை ஆகிவிடும். அதேபோல, பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து சில்லுத் தகட்டுக்கு 12 வோல்ட் கொடுத்து ‘எரியுதா பாக்கலாம்’ என்பதும் வேண்டாம். சில்லுக்கு வேண்டியது அளவான கரண்ட். கட்டுப்பாடு இல்லாமல் கொடுத்தால் நல்ல சில்லும் கண் முன்னே கருகும்.

ஒயரிங் எல்லாம் சரின்னு தெரிஞ்சுடுச்சு. டிரைவர் பெட்டி போச்சா, உள்ள சில்லு போச்சா, எப்படிங்க கண்டுபிடிக்கறது?

இடது பெட்டியை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போடுவதுதான் நம்பகமான வழி. மெசேஜ் பக்கம் மாறினால் பெட்டி போச்சு. அதே பக்கத்தில் நின்றால் கோளாறு கூட்டுக்குள் இருக்கிறது. எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியை வைத்தே சொல்கிறேன், முறை தெளிவாகப் புரியும்.

கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து வந்த எஸ்.யு.வி. அது. வாரண்டி முடிந்திருந்தது. இடது டிம் காலையில் எரியாது, மதியம் வெயில் ஏறிய பிறகு எரியும், மெசேஜும் அதற்கேற்ப வந்து வந்து போகும். ஈரத்தோடு வந்து வெயிலோடு போகும் குறை என்றாலே தண்ணீர் எங்கோ நுழைந்திருக்கிறது என்று பாதி தெரிந்துவிடும். ஆனால் எங்கே என்பதுதான் கேள்வி. ஸ்கேனரில் இடது டிரைவர் பெட்டியோடு தொடர்பு இல்லை என்று வந்தது. பேட்டரி 12.6. கப்ளரில் பச்சை இல்லை. 21 வாட் பல்பு வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் பேட்டரிக்கும் கப்ளருக்கும் 0.2 வோல்ட்தான் வித்தியாசம். ஆக ஒயரிங் சுத்தம்.

இந்த வண்டியில் ஹெட்லைட்டை வெளியே எடுக்கப் பம்பரை இறக்கியாக வேண்டும். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, பம்பரை இறக்கி, இரண்டு ஹெட்லைட்டையும் எடுத்தோம். இரண்டு பெட்டியின் ஸ்டிக்கர் எண்ணும், கடைசி எழுத்து உட்பட, ஒன்றே என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் மாற்றிப் போட்டோம். பம்பர் இல்லாமலேயே கப்ளரை மாட்டி, ஸ்கேனரில் பழைய குறையை அழித்து, டிம் போட்டால் இடது எரிகிறது, வலது எரியவில்லை, மெசேஜும் வலது என்கிறது. பெட்டிதான்.

கெட்ட பெட்டியைத் திறந்து பார்த்தபோது உள்ளே போர்டின் ஒரு ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. தண்ணீர் வந்த வழியும் அங்கேயே தெரிந்தது. வண்டி முன்பு ஒருமுறை முட்டி டிங்கரிங் ஆகியிருக்கிறது. அப்போது பெட்டியைத் திரும்ப மாட்டியவர்கள் நான்கு திருகாணிக்கு மூன்றோடு விட்டுவிட்டார்கள். நான்காவது மூலையில் கேஸ்கெட் அமுங்கவே இல்லை. அதே எண்ணுள்ள பழைய பெட்டி ஒன்று கோவையில் கிடைத்தது. புதுக் கேஸ்கெட், நான்கு திருகாணி, குறை அழிப்பு, அவ்வளவுதான் வேலை. புது செட்டுக்கு ஷோரூம் எழுதிக் கொடுத்த தொகையில் சிறு பங்கிலேயே முடிந்தது.

எல்லா வண்டியிலும் இது இவ்வளவு சுலபமாக நடக்காது. வளைவுக்குத் தகுந்தபடி திரும்பும் விளக்கு, எதிர் வண்டி வந்தால் தானே வெளிச்சத்தை மறைக்கும் விளக்கு ஆகியவற்றில் பெட்டிக்குள் அந்தந்தப் பக்கத்துக்கான தகவல் எழுதப்பட்டிருக்கும். மாற்றிப் போட்டால் இரண்டு பக்கமும் குறை காட்டும். அவற்றில் கம்பெனி ஸ்கேனர் அல்லது அதற்கு இணையான ஸ்கேனர் இருக்கும் இடத்தில், கோடிங் தெரிந்தவர் செய்ய வேண்டும். சில ஐரோப்பியக் கார்களில் ஷார்ட் பலமுறை நடந்தால் பாடி கன்ட்ரோல் பெட்டி அந்த விளக்குக்கான சப்ளையையே பூட்டிவிடும். புதுப் பெட்டி போட்டும் எரியவில்லை என்று அலையும் முன் அந்தப் பூட்டை ஸ்கேனரில் திறக்க வேண்டும்.

மழை விட்டதும் கண்ணாடிக்குள்ள ஆவி கட்டுது. அதனாலதான் மெசேஜ் வருதுங்களா?

ஆவி மட்டும் என்றால் பெரும்பாலும் அதற்கும் மெசேஜுக்கும் சம்பந்தம் இல்லை. கூட்டுக்குக் காற்று போய்வர சின்ன மூச்சுத்துளை வைத்திருப்பார்கள். ஈரக் காற்று உள்ளே போய்க் குளிர்ந்தால் கண்ணாடியில் மெல்லிய ஆவி படியும். ஹாலஜனின் சூடு அதைச் சீக்கிரம் விரட்டிவிடும். எல்.இ.டி.யின் சூடு பின்பக்க உலோகத்துக்குப் போய்விடுவதால் முன்கண்ணாடி குளிர்ந்தே கிடக்கும், ஆவி போகத் தாமதமாகும். விளக்கைப் போட்டு ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் மறைகிறது என்றால் விட்டுவிடுங்கள்.

சொட்டாக நிற்கிறது, அடியில் தண்ணீர் ஆடுகிறது, நாள் கணக்கில் போகவில்லை என்றால் அது கசிவு. அங்கே மெசேஜ் இன்று வராவிட்டாலும் ஒருநாள் வரும். பின்மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, மூச்சுத்துளையின் சவ்வு பிய்ந்திருக்கிறதா, கூட்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று அந்த வரிசையில் பாருங்கள். தண்ணீரை வெளியேற்ற அடியில் துளை போடச் சொல்வார்கள். செய்யாதீர்கள், அதே துளை வழியாக அடுத்த மழை உள்ளே வரும்.

கண்ணாடியைப் பிரிச்சு உள்ள சரி பண்ணித் தர்றோம்னு சிலர் சொல்றாங்க. நம்பலாமுங்களா?

எந்தப் பசையால் ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பியூட்டைல் பசை சூட்டில் இளகும். ஓவனில் சுமார் 100 டிகிரியில் 10, 15 நிமிடம் வைத்தால் கண்ணாடி மெதுவாகப் பிரியும். பிறகு பழைய பசையைச் சுத்தமாக எடுத்து, புதுப் பியூட்டைல் கயிறு வைத்து மூடலாம். கண்ணாடி என்று நாம் சொல்வது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அது 147 டிகிரி வாக்கில் இளகும். ஓவன் கணக்குத் தப்பினாலோ, ஹீட் கன்னை ஒரே இடத்தில் பிடித்தாலோ அதற்கு முன்பே கண்ணாடி நெளிந்துபோகும்.

பாலியூரித்தேன் போன்ற கெட்டிப்பசை சூட்டுக்கு இளகாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். சில கூடுகளில் பசையே கிடையாது, பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உருக்கி இணைக்கப்பட்டிருக்கும். இவற்றை வெட்டி ஒட்டினால் பழைய இறுக்கம் வராது. ‘எந்தப் பசை, எப்படிப் பிரிப்பீங்க, தண்ணி எறங்குனா திரும்பச் செஞ்சு தருவீங்களா’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்கே நெளிந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

உள்ள போன சில்லை மட்டும் மாத்த முடியுங்களா?

பகல் விளக்கில் முடியும், நன்றாகவே முடியும். அலுமினியத் தகட்டைச் சூட்டுப் பலகையில் வைத்து, ஈயமில்லாப் பற்று உருகும் 220 டிகிரிக்குச் சற்று மேலே கொண்டுபோய், கெட்ட சில்லை எடுத்து, அதே அளவு, அதே வோல்ட், அதே நிறச் சாயலுள்ள சில்லை வைக்க வேண்டும். நிறம் தவறினால் ஒரு புள்ளி மட்டும் நீலமாகத் தெரியும். அழகுதான் கெடும், ஆபத்து இல்லை.

டிம் விளக்கில் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. அங்கே சில்லு லென்ஸின் குவிமையத்தில் மயிரிழை தவறாமல் உட்கார வேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் வெளிச்சத்தின் மேல்விளிம்புக் கோடு மங்கி, எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். அடியில் பூசும் வெப்பப் பசை சரியில்லை என்றால் புதுச் சில்லும் சீக்கிரமே போகும். தகட்டோடு சேர்ந்த முழு மாட்யூல், பழைய செட் ஒன்றிலிருந்து சேதமில்லாமல் கிடைத்தால் அதை அப்படியே மாற்றுவது இதைவிட மேல்.

பழைய செட் வாங்கலாமுங்களா? கோவை உக்கடத்துல கெடைக்கும்ங்கறாங்க.

வாங்கலாம், பார்த்து வாங்க வேண்டும். கையில் 12 வோல்ட் பேட்டரியும் ரெண்டு ஒயரும் கொண்டுபோய் ‘எரியுதா’ என்று பார்க்கும் பழைய வழக்கம் இதில் எடுபடாது. பல செட்டுகள் வண்டியின் தகவல் ஒயர் இல்லாமல் எரியவே எரியாது. அதனால் ‘வண்டியில மாட்டிப் பாத்து, எரியலைன்னா திருப்பித் தருவேன்’ என்று பேசிக்கொண்டு வாங்குங்கள். எண்ணின் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். மாட்டும் காதுகள் உடைந்து ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டிய காது ஓட்டத்தில் அதிர்ந்து வெளிச்சம் ஆடும்.

வெளிநாட்டிலிருந்து வந்த செட் மலிவாகக் கிடைத்தால் கூடுதல் கவனம் தேவை. நாம் இடதுபக்கம் ஓட்டுகிறோம். நம்ம டிம் வெளிச்சம் இடது ஓரத்தில் சற்று மேலேறி, வலதில், அதாவது எதிர் வண்டி வரும் பக்கம், தாழ்ந்திருக்கும். துபாய் போல வலதுபக்கம் ஓட்டும் நாட்டுச் செட் இதற்கு நேர்மாறு. அதை இங்கே மாட்டினால் அவிநாசி ரோட்டில் எதிரே வருகிற ஒவ்வொருவர் கண்ணிலும் அடித்துக்கொண்டே போவீர்கள்.

இன்சூரன்ஸ்ல கெடைக்குமுங்களா?

முட்டியோ இடித்தோ உடைந்திருந்தால் கிடைக்கும். தானாகப் பழுதானால் கிடைக்காது. மின்பழுதும் தேய்மானமும் சாதாரணப் பாலிசியில் விலக்கு. விபத்திலும் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதியைக் கழித்துக்கொள்வார்கள். ஹெட்லைட்டைப் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். செட் விலை 40,000 என்று வைத்துக்கொண்டால் பாதி 20,000. 1500 சி.சி. வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. கைக்கு வருவது 19,000. தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி என்றால் 39,000.

க்ளெய்ம் போட்டால் நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லாதவருக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50% தள்ளுபடி ஓடிக்கொண்டிருக்கும். அது பூஜ்யத்திலிருந்து மறுபடி ஏற வேண்டும். காது மட்டும் உடைந்திருந்தால், கம்பெனி காது ரிப்பேர் கிட் விற்கிறதா என்று கேட்டுவிட்டுப் பிறகு க்ளெய்மை யோசியுங்கள்.

மெசேஜ் மட்டும் வராம பண்ணித் தர்றாங்களாம். ஒரு சின்ன பெட்டி மாட்டுனா போதுமாம்.

அந்தப் பெட்டி ரெசிஸ்டர். ஹாலஜன் வண்டியில் எல்.இ.டி. பல்பு போட்டவர்களுக்காக வந்தது அது. கரண்ட் ஓடுவது போல ஏமாற்றும், நன்றாகச் சூடாகும், பிளாஸ்டிக் மேல் பட்டால் உருக்கும். மூடிய எல்.இ.டி. செட்டில் தகவல் ஒயரில் பேச்சு நடப்பதால் அதற்கு வேலையே இல்லை. ஸ்கேனரில் கண்காணிப்பையே அணைத்துத் தரும் ஆட்களும் உண்டு. அதைச் செய்தால் நாளைக்கு இன்னொரு பக்கம் போனாலும் வண்டி சொல்லாது.

இன்னைக்கு ராத்திரி வால்பாறை போகோணும். ஒத்தை லைட்டோட போலாமுங்களா?

வேண்டாம். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் எதிரே வருபவருக்கு நீங்கள் பைக்காகத் தெரிவீர்கள். அந்தக் குறுகலில் அவர் உங்களுக்கு விடும் இடமும் பைக்குக்கு விடுவது போலத்தான் இருக்கும். இருட்டில் விளக்கு இல்லாமல் ஓட்டுவது சட்டப்படியும் குற்றம். பகலில் போங்கள். ஊருக்குள் தவிர்க்க முடியாமல் ஓட்டினால் ஃபாக் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போங்கள். குறையை ஈடுகட்டப் பிரைட்டிலேயே ஓட்டாதீர்கள்.

செட் மாத்தியாச்சு, மெசேஜும் போயிடுச்சு. வேற ஏதாவது பாக்கோணுங்களா?

வெளிச்சத்தின் மட்டம். பம்பரை இறக்கி ஏற்றினாலே இது மாறும். டயர் காற்றைச் சரிபார்த்து, சமதரையில், சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டிரைவர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும். உள்ளே மட்டம் மாற்றும் உருளை இருந்தால் அதை 0-வில் வையுங்கள். லென்ஸ் நடுவின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து சுவரில் ஒரு கோடு போடுங்கள். ஹெட்லைட்டின் மேலோ பானட்டுக்கு அடியிலோ சின்ன விளக்குப் படத்தோடு 1% என்பது போல ஒரு எண் அச்சாகியிருக்கும். 1% என்றால் டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 செ.மீ. கீழே விழ வேண்டும். கூட்டின் பின்பக்கம் இருக்கும் திருகைச் சுற்றி அதற்குக் கொண்டுவாருங்கள். தானாக மட்டம் பார்க்கும் வண்டி என்றால் திருகைத் தொடும் முன் ஸ்கேனரில் அதன் அடிப்படை நிலையை அமைக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் மட்ட மோட்டார் குறை என்று மெசேஜ் புதிதாக ஒன்று வரும்.